மேலாளரின் கண்ணால் உங்கள் பாலன்ஸ் ஷீட்

மண்டபத்தில் நண்டு வாங்கிச் சதை எடுத்து அனுப்புகிறோம். நடப்புச் சொத்து 48 லட்சம், நடப்புக் கடன் 30 லட்சம். என் கணக்கில் கரன்ட் ரேஷியோ 1.6. வங்கியில் 1.11 என்கிறார்களே?

இரண்டு இடத்தில் வங்கி கை வைத்திருக்கும். உங்கள் 48 லட்சத்தில் 30 லட்சம் வரவேண்டிய பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 8 லட்சம் ஆறு மாதம் தாண்டியது. அதை வங்கி நடப்புச் சொத்தாக ஏற்காது, மிச்சம் 40. அடுத்து, உங்கள் மெஷின் கடனில் வரும் 12 மாதத்துக்குள் கட்ட வேண்டிய அசல் 6 லட்சம். மொத்தக் கடனையும் நீண்டகாலக் கடன் என்று ஒதுக்கிவிட்டீர்கள். இந்தத் தவணை நடப்புக் கடனில்தான் சேரும். அது 36 ஆகிறது. 40-ஐ 36-ஆல் வகுத்தால் 1.11.

வங்கிகள் பழக்கமாக எதிர்பார்ப்பது 1.33. நடப்புச் சொத்தில் கால்பங்காவது நீண்டகாலப் பணத்தில் நிற்கவேண்டும் என்று 1975-ல் ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் கமிட்டி சொன்னதிலிருந்து வந்த எண் அது. சிறு தொழிலுக்குச் சில வங்கிகள் இதில் கொஞ்சம் இறங்கி வரும். ஆனால் நீங்கள் இறங்கக் கேட்க வேண்டியதில்லை. அந்த 8 லட்சத்தை வசூலித்து வங்கிக் கணக்கில் வைத்திருங்கள்; 48-க்கு 36, சரியாக 1.33. அதனால் விண்ணப்பத்துக்கு முன் வசூலுக்குப் போங்கள். சரக்கு மதிப்பைக் கூட்டி எழுதி ஈடுகட்ட நினைக்காதீர்கள். குடோனைப் பார்க்க வரும் அதிகாரி பெட்டிகளை எண்ணுவார்.

முதலும் சேர்ந்த லாபமுமாக 20 லட்சம். வங்கிக் கடன் 30 லட்சம், மைத்துனர் கைமாற்றாகத் தந்தது 15 லட்சம். கடன் அதிகமா? (தொண்டி வாசகர்)

இப்படியே காட்டினால் கடன் 45-க்கு முதல் 20, அதாவது 2.25. பல மேலாளர்கள் 2-க்கு மேல் போனாலே தயங்குவார்கள். வங்கிக் கடன் முடியும்வரை திருப்பிக் கேட்கமாட்டேன் என்று மைத்துனர் எழுதிக் கொடுத்தால், அந்த 15-ஐ முதலோடு சேர்த்துப் பார்க்கும் வங்கிகள் உண்டு. அப்போது 30-க்கு 35, ஒன்றுக்கும் கீழே. ஆனால் அவருக்கு நடுவில் பணம் தேவைப்படுமா என்று முதலில் மனம்விட்டுக் கேளுங்கள். எழுதிக் கொடுத்தபின் எடுத்தால் வங்கியிடம் உங்கள் வாக்கு போய்விடும்.

இரண்டு கோடி விற்பனைக்கு 3 சதவீதம் நிகர லாபம். புதுக் கடன் வாங்க இது போதுமா?

சதவீதத்தை விடுங்கள், ரூபாயைப் பாருங்கள். லாபம் 6 லட்சம், தேய்மானம் 4 லட்சம். தேய்மானம் கணக்கில் மட்டும் கழியும் செலவு, பணமாக வெளியே போகாது. அசல் கட்ட உங்கள் கையில் இருப்பது 10 லட்சம். வருடத்துக்குப் பழைய கடனின் தவணை 6, புதியதன் தவணை 5 என்றால் 11 ஆகிறது. புதுக் கடனின் வட்டி வேறு லாபத்தைக் குறைக்கும். ஆகவே தவணைக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளில் உங்களுக்கு எவ்வளவு சரக்கு வரும் என்று மாதவாரியாக எழுதி இணைத்து, அந்த மாதங்களில் வட்டி மட்டும் கட்டும்படி அட்டவணை கேளுங்கள்.