கோபித்துக்கொள்வாரா?

அன்புள்ள ஐயா,

என் முதல் நாவலுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம். போன ஜனவரியோடு முடிந்துவிட்டது. பதிப்பகம் இன்னும் அச்சுப் பிரதியும் மின்னூலும் விற்கிறது. இரண்டு ஆண்டுகளாக ராயல்டி கணக்கு வரவில்லை. உரிமையைத் திருப்பிக் கேட்டால் பதிப்பாளர் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கம், என் முதல் புத்தகத்தைப் போட்டவர் அவர். இரண்டாவது நாவலும் அவரிடம்தான் இருக்கிறது, ஒப்பந்தம் வந்தது, நான் இன்னும் கையெழுத்திடவில்லை. அதையும் திரும்பப் பெறலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

இரண்டாவது நாவலுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். கையெழுத்தில்லாமல் பதிப்புரிமை கைமாறாது, இந்தியா உட்படப் பல நாடுகளின் சட்டம் அப்படித்தான். முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதிப்பகத்தின் எடிட்டர் திருத்திய பிரதியை வேறிடத்துக்கு அனுப்பாமல் உங்கள் மூலப்பிரதியை அனுப்புங்கள். 'பிரதியைத் திரும்பப் பெறுகிறேன், இனி இதன்மீது வேலை செய்ய வேண்டாம்' என்று எழுதிவிட்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி பதில் கேளுங்கள். அட்டை வரைந்து அச்சுக்குப் போகும் நிலையில் இருந்தால் நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை. அவ்வளவுதான்.

ராயல்டி கணக்கு வராதது வேறு விஷயம், அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். ஏன் தனி என்று பின்னால் சொல்கிறேன்.

கோபித்துக்கொள்வாரா என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்விதான் என்னை உட்காரவைத்து எழுதவைக்கிறது. கடிதம் முழுக்க அவருடைய முகம் இருக்கிறது, ஒப்பந்தத்தின் ஒரு வரிகூட இல்லை. ஜனவரியோடு முடிந்தது என்கிறீர்கள். எந்த ஜனவரி? கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணினீர்களா, புத்தகம் வெளிவந்த நாளிலிருந்தா? அந்தத் தாளைக் கடைசியாக எப்போது படித்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், கையெழுத்திட்ட அன்றுதானே?

திட்டுவதற்கு எனக்குத் தகுதி உண்டு. இதே தவற்றைச் செய்தவன் நான்.

என் நாவலொன்றுக்கு 2012 மார்ச் 10 அன்று கையெழுத்திட்டேன். ஐந்தாண்டு. 2017 மார்ச்சில் முடிந்தது என்று மனதுக்குள் முடிவு கட்டி, ஏப்ரலில் பதிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். கால் மணி நேரம் உடல்நலம் விசாரித்துவிட்டு, போகிறபோக்கில் சொல்வதுபோல, அந்த நாவலை வேறு இடத்தில் போடலாம் என்றிருக்கிறேன் என்றேன். "பார்த்துக்கலாம் சார்" என்றார். எனக்கு அது சரி என்று கேட்டது. டிசம்பரில் புதிய பதிப்பகம், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோதுதான் கடிதம் எழுதினேன். பதிலாக என் ஒப்பந்தத்தின் நகலே வந்தது. காலம் பற்றிய பிரிவைப் பென்சிலால் கோடிட்டிருந்தார்கள்.

அந்தப் பிரிவில் மூன்று வாக்கியங்கள். முதல் பதிப்பு வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டு. முடிவதற்கு மூன்று மாதம் முன்னதாக எந்தத் தரப்பும் எழுத்துமூலம் அறிவிக்காவிட்டால், அதே நிபந்தனைகளில் மேலும் ஐந்தாண்டு தானாக நீளும். அறிவிப்பு பதிவுத் தபாலில் அல்லது ஒப்பந்தத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு வர வேண்டும். புத்தகம் வெளிவந்தது 2012 நவம்பர் 20. அப்படியானால் ஆகஸ்ட் 20 வரை எனக்குக் கெடு இருந்தது. நான் ஏப்ரலிலேயே கேட்டுவிட்டேன், அதுவும் வாயால். நான்கு மாதம் கையில் இருந்தும், நான்கு வரி எழுதாததால் 2022 நவம்பர் வரை கட்டுப்பட்டேன். அவர் ஏமாற்றவில்லை. 'பார்த்துக்கலாம்' என்பதற்கு 'தருகிறேன்' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டது நான்.

ஆகவே முதல் வேலை அந்தப் பிரிவைப் படிப்பது. அதைப் பொறுத்து நீங்கள் எழுதப்போகும் கடிதமே மாறும். நீட்டிப்பு வாசகம் இல்லை, காலம் உண்மையாகவே முடிந்துவிட்டது என்றால், நீங்கள் எதையும் கேட்கவே வேண்டாம். உரிமை ஏற்கெனவே உங்களிடம் வந்துவிட்டது. நீங்கள் தெரிவிக்கிறீர்கள், அவர் உறுதிசெய்கிறார். 'தயவுசெய்து திருப்பித் தாருங்கள்' என்று எழுதினால், இன்னும் அவரிடம் இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே அது வேண்டுகோள். அப்போது மறுக்க அவருக்கு உரிமை உண்டு, நீங்கள் பேரம் பேச வேண்டும். (ஒப்பந்தத்தில் காலமே குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் அதை ஐந்தாண்டு என்றே கொள்கிறது. மற்ற நாடுகளில் அப்படி எண்ணிவிடாதீர்கள்.)

2022 ஜூனில் நான் அனுப்பியது இதுதான்:

"10.3.2012 தேதியிட்ட நமது ஒப்பந்தம் 19.11.2022 அன்று முடிகிறது. அதை நீட்டிக்க நான் விரும்பவில்லை, காலப் பிரிவின்படி இதை அறிவிக்கிறேன். அன்றுமுதல் எல்லா உரிமைகளும் என்னிடம் திரும்புவதை எழுத்தில் உறுதிசெய்யவும். கையிருப்புப் பிரதிகளின் எண்ணிக்கையையும், பிறருக்கு நீங்கள் கொடுத்துள்ள ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளின் விவரத்தையும் 30 நாட்களுக்குள் தெரிவிக்கவும்."

காரணம் எதுவும் இல்லை, கவனித்தீர்களா? ராயல்டியைத் தனியே வைக்கச் சொன்னது இதற்காகத்தான். காலம் முடிவதற்குக் காரணம் தேவையில்லை. கணக்குத் தரவில்லை, அதனால் விலகுகிறேன் என்று எழுதினீர்களானால் பேச்சு உடனே கணக்கின் பக்கம் போய்விடும். அவர் மறுநாளே கணக்கை அனுப்பிவிட்டு, குறை தீர்ந்தது, இனி என்ன என்பார். அசைக்க முடியாத ஒரு தேதியைக் கையில் வைத்துக்கொண்டு, விவாதிக்கக்கூடிய ஒரு குறையின்மேல் ஏன் போய் நிற்கிறீர்கள்? இன்னொன்று, காலம் முடிந்த பிறகும் வரும் ராயல்டியைப் பேசாமல் வாங்கிக்கொண்டே இருந்தால், விற்பனைக்கு நீங்கள் சம்மதித்ததாக வாதிட இடம் கிடைக்கும். கடிதத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

என் பதிப்பாளரிடம் 212 பிரதிகள் மிச்சம் இருந்தன. ஆறு மாதத்துக்குள் விற்றுக்கொள்ளலாம், மறு அச்சு கூடாது, ராயல்டி வழக்கம்போல் என்று பேசிக்கொண்டோம். மின்னூலுக்கு அந்த அவகாசம் கொடுக்க வேண்டியதில்லை. அதில் கையிருப்பு என்று ஒன்று கிடையாது, முடிவு நாளன்றே இறக்கிவிடச் சொல்லலாம். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் அது இருக்கும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

திரும்பி வருவது எழுத்து மட்டும்தான். அட்டை ஓவியம், பக்க வடிவமைப்புக் கோப்பு, ஐ.எஸ்.பி.என். எதுவும் உங்களுடையதல்ல. புதிய பதிப்புக்குப் புதிய எண் வாங்க வேண்டும். ஒலிநூல் உரிமையை உங்கள் பதிப்பாளர் வேறொரு நிறுவனத்துக்கு ஏழாண்டுக்குக் கொடுத்திருந்தால் பல ஒப்பந்தங்களில் அது தொடர்ந்து ஓடும், பணம் மட்டும் இனி உங்களுக்கு நேரடியாக வர வேண்டும். அதற்குத்தான் அந்த விவரத்தைக் கேட்பது.

என் கடிதத்துக்குப் பதினோராவது நாள் பதில் வந்தது. உறுதிசெய்கிறோம் என்று இரண்டு வரி, கீழே கையெழுத்து, முத்திரை. அன்று சாயங்காலம் பதிப்பாளரே தொலைபேசியில் அழைத்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. புது நாவல் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். பாதி என்றேன்.

அன்புடன்,
வி.