படப்பிடிப்புக்கு உதவியாளர் தேடும் செய்தியில் என்ன எழுதுவது?

"ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் எழுதியிருந்தேன். வந்தவர் ஊர் திரும்பியதும் கூடுதல் பணம் கேட்கிறார். செய்தியை எப்படி மாற்றுவது?"

ஒரு நிகழ்ச்சி என்றால் எத்தனை மணி நேரம் என்று எழுதாததுதான் சிக்கல். நீங்கள் 6 மணி நேரப் படப்பிடிப்பை நினைத்திருப்பீர்கள், அவரோ போக 3, வர 3 சேர்த்து 12 மணி நேரமாகக் கணக்குப் போடுவார், அதுவும் நியாயம்தான். ‘6 மணி நேரம் வரை இந்தத் தொகை, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு, பயண நேரத்துக்குப் பாதி, வண்டிச் செலவும் சாப்பாடும் என்னுடையது’ என்று எழுதுங்கள்.

அப்புறம், ‘கேமரா உதவி’ என்று மொட்டையாக எழுதாமல், ஸ்டாண்டில் ஃபிளாஷைப் பிடிப்பது, பேட்டரி மாற்றுவது, நிறைந்த மெமரி கார்டைப் பெட்டியில் தலைகீழாக வைப்பது என்று சொல்லிவிடுங்கள். என்னிடம் வந்த ஒருவர் நிறைந்த கார்டையே திரும்பக் கேமராவில் போட்டுவிட்டார், ஃபார்மட் செய்யப் போன நொடியில்தான் கவனித்தேன்.