இன்னொரு டெஸ்டர் வேண்டும் என்று இயக்குநரிடம் எந்தக் கணக்கோடு போவது? (கேள்வி பதில்)

கேள்வி: எங்கள் குழுவில் இரண்டு டெஸ்டர்கள். இருவருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. மூன்றாவது ஆள் கேட்டு இயக்குநருக்கு எழுத வேண்டும். எந்த எண்களை எடுப்பது?

பதில்: அவர்கள் எவ்வளவு களைத்திருக்கிறார்கள் என்பதில் தொடங்காதீர்கள். இயக்குநரின் மேசைக்கு எல்லாக் குழுவிலிருந்தும் அதே முறையீடுதான் வருகிறது. முடிந்த வேலை எத்தனை நாள் சும்மா கிடக்கிறது என்று காட்டுங்கள். அது அவர் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கைத் தொடும் விஷயம்.

இதற்கு இரண்டே பதிவுகள் போதும். ஒன்று, தினமும் காலையில் ஒரே நேரத்தில் வரிசையில் எத்தனை டிக்கெட் நிற்கிறது என்ற எண்ணிக்கை. இரண்டு, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் மூன்று தேதிகள்: டெவலப்பர் 'டெஸ்டுக்குத் தயார்' என்று நகர்த்தியது, டெஸ்டர் உண்மையில் கைவைத்தது, முடித்தது. எட்டு வாரம் எடுத்தால் பேச இடம் கிடைக்கும். ஸ்பிரின்ட் முடியும் நாளில் மட்டும் எண்ணாதீர்கள். அன்று எல்லோரும் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்த எண் பயமுறுத்தும், ஆனால் யாராவது கேள்வி கேட்டால் நிற்காது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பல குழுக்களில் டெஸ்டர் காலையில் ஐந்து டிக்கெட்டைத் தன் பெயருக்கு இழுத்துக்கொள்வார். பலகையில் ஐந்தும் 'டெஸ்ட் நடக்கிறது' என்று நிற்கும். நடப்பது ஒன்று, மற்ற நான்கும் காத்திருக்கின்றன. இதைப் பிரிக்காவிட்டால் வரிசை சிறியதாகவும், ஒரு டிக்கெட்டை டெஸ்ட் செய்ய ஒரு வாரம் ஆவதாகவும் தெரியும். இயக்குநர், "உங்கள் டெஸ்டர்கள் ஏன் இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறார்கள்?" என்று கேட்பார். அவர் பார்த்த எண்ணுக்கு அது நியாயமான கேள்விதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 9 டிக்கெட் வருகிறது. ஒரு டிக்கெட்டுக்குக் கைவேலை சராசரியாக ஒரு நாள். ஆகவே இருவரும் சேர்ந்து வாரத்துக்கு 10 முடிக்க முடியும். காலை எண்ணிக்கையின் சராசரி 8. எட்டை ஒன்பதால் வகுத்தால் ஏறக்குறைய 0.9 வாரம், அதாவது நான்கு வேலை நாளுக்குச் சற்று மேல். ஒரு நாள் வேலைக்கு நான்கு நாள் காத்திருப்பு. விண்ணப்பத்தின் முதல் வரியே இதுதான். தேதிகளிலிருந்து எடுத்த காத்திருப்பும் இதை ஒட்டியே வர வேண்டும். இரண்டும் வெகுவாக விலகினால் பதிவில் எங்கோ ஓட்டை இருக்கிறது, முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

கேள்வி: பத்து முடிக்கக்கூடிய இடத்தில் ஒன்பதுதான் வருகிறது என்று காட்டினால், இன்னும் ஒன்றுக்கு இடம் இருக்கிறதே என்றுதான் சொல்வார். வரத்து பத்தைத் தாண்டிய பிறகு கேட்பதுதானே முறை?

பதில்: அவர் அப்படித்தான் சொல்வார், அதில் உங்கள் கணிப்பு சரி. ஆனால் தாண்டும் வரை காத்திருப்பது தவறு. டிக்கெட்டுகள் சீராக, நாளுக்கு இரண்டு என்று வருவதில்லை. திங்கள் ஒன்றும் வராது, புதன் ஐந்து வரும். ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் போதும், இன்னொன்றுக்கு மூன்று நாள் வேண்டும். டிக்கெட் வராமல் போன திங்கட்கிழமையின் நேரத்தைச் சேமித்து வைத்துப் புதன்கிழமை செலவழிக்க முடியாது. அதனால்தான் டெஸ்டர்களின் வேலை நேரம் நூறு சதவீதம் நிரம்புவதற்கு முன்பே வரிசை நீள்கிறது. அதுவும் 80 சதவீதத்தில் மெல்ல, 90இல் வேகமாக, 95க்கு மேல் கட்டுக்கடங்காமல் நீள்கிறது.

வரத்தும் வேலை நேரமும் தாறுமாறாக இருக்கும் சூழலுக்கான வழக்கமான வரிசைச் சூத்திரத்தில் நம் எண்களைப் போட்டால், இரண்டு பேரோடு காத்திருப்பு நான்கு நாளுக்கு மேல் வருகிறது. மூன்று பேரோடு அரை நாளுக்கும் குறைவு. ஆள்பலம் ஒன்றரை மடங்கு, காத்திருப்போ பத்தில் ஒரு பங்குக்கும் கீழ். இயக்குநருக்கு நம்பக் கடினமாக இருக்கும் இடம் இதுதான். இங்கே அவசரப்படாமல் நிதானமாக விளக்குங்கள்.

கேள்வி: சராசரி வரிசையை வரத்தால் வகுப்பது வரிசை நிலையாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். மேலும் உங்கள் சூத்திரம் டிக்கெட்டுகள் ஒன்றையொன்று சாராமல் வருவதாக எடுத்துக்கொள்கிறது. ஸ்பிரின்ட் முறையில் கொத்துக் கொத்தாகத்தான் வரும். அந்த 'அரை நாள்' எப்படி நிற்கும்?

பதில்: இரண்டும் சரி. எட்டு வாரத்தின் முதல் வாரத்தில் 4, கடைசி வாரத்தில் 20 என்று வரிசை ஏறிக்கொண்டே போனால் சராசரியை வீசிவிட்டு ஏற்றத்தையே காட்டுங்கள். அது தனியாகவே வலுவான சாட்சி. கொத்தாக வந்தால் மூன்று பேர் இருந்தாலும் காத்திருப்பு அரை நாளைவிடக் கூடும். ஆகவே சூத்திரத்தின் விடையை வாக்குறுதியாக எழுதக் கூடாது.

நான் நம்புவது மறுஓட்டத்தை. எட்டு வாரத்தில் உண்மையில் வந்த டிக்கெட்டுகளை வந்த வரிசையிலேயே ஒரு தாளில் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆன கைவேலை நேரத்தோடு. யாருக்கு முதலில் கை ஓய்கிறதோ அவரிடம் அடுத்த டிக்கெட் போகட்டும். முதலில் இரண்டு டெஸ்டரோடு ஓட்டுங்கள். நிஜத்தில் நடந்த காத்திருப்புக்கு அருகில் வந்தால் உங்கள் தாளை நம்பலாம். பிறகு மூன்றாவது ஆளைச் சேர்த்து ஓட்டுங்கள். விடுப்பு நாட்களையும் தாளில் குறித்தால், கொத்தாக வந்தது, விடுப்பு எடுத்தது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். சராசரியோடு, நூற்றில் 85 டிக்கெட் எத்தனை நாளுக்குள் முடிகிறது என்பதையும் எடுங்கள். மொத்த நாட்கள் D நெடுவரிசையில் இருந்தால்:

```
=PERCENTILE(D2:D73,0.85)
```

தேதி கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்களுக்கு உறைப்பது இந்த எண்தான்.

கேள்வி: நான் மென்பொருள் துறை இல்லை, ஆலையின் தரப் பரிசோதனைக் கூடம். மாதிரிகள் ஆறு நாள் தேங்குகின்றன. கருவி ஒன்றே ஒன்று, அது காலியாகும்வரை எங்கள் ஆட்கள் காத்திருப்பார்கள். நானும் இதே கணக்கில் ஆள் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். வரிசையும் நிற்கிறது, ஆளும் சும்மா நிற்கிறார் என்றால் பற்றாக்குறை ஆளில் இல்லை. புதிதாக வருபவரும் அதே கருவிக்குத்தான் காத்திருப்பார். இன்னொரு கருவி, அல்லது இருக்கும் கருவிக்கு இன்னொரு ஷிப்ட் என்று கேளுங்கள்.

மென்பொருள் குழுக்களும் இங்கே சறுக்குகின்றன. டெஸ்ட் சர்வர் ஒன்றே இருக்கும், அதில் புதிய பில்ட் ஏற அரை நாள் ஆகும். ஆகவே காத்திருப்பை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: டெஸ்டருக்காகக் காத்தது, சர்வருக்காகக் காத்தது. இரண்டாவது பெரிதென்றால் இப்போதைக்கு விண்ணப்பத்தை மடித்து வையுங்கள்.

கேள்வி: "டெவலப்பர்கள் ஒழுங்காக எழுதினாலே வரிசை குறையும், ஆள் எதற்கு?" என்பார் எங்கள் இயக்குநர். என்ன சொல்வது?

பதில்: அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று நீங்களே முதலில் கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு வரும் ஒன்பதில் இரண்டு, பிழையோடு திரும்பிப் போய் மறுபடி வந்தவை என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றைத் தடுத்தாலே வரத்து எட்டாகிறது. அதே சூத்திரத்தில் காத்திருப்பு நான்கு நாளிலிருந்து இரண்டு நாளுக்குக் கீழே இறங்கும், ஆள் எடுக்காமலே. இதை மறைத்தால் கூட்டத்தில் யாராவது எடுத்து வைப்பார்கள், உங்கள் பக்கம் முழுவதும் சரியும். நீங்களே எழுதுங்கள்: அனுப்புவதற்கு முன் டெவலப்பர் எதைச் சரிபார்க்கிறார், அப்படியும் எத்தனை திரும்புகிறது என்று. திரும்புவது ஏற்கெனவே குறைவாக இருந்தால் உங்கள் கோரிக்கை வலுக்கிறது. அதிகமாக இருந்தால் இயக்குநர் பக்கம்தான் நியாயம் என்பேன்.

கேள்வி: அக்கா, ஒரு மாதிரி எழுதிக் காட்டுங்களேன். நான் எழுதினால் நான்கு பக்கம் போகிறது.

பதில்: நான்கு பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். இவ்வளவு போதும்:

"கடந்த எட்டு வாரங்களில் ஒரு டிக்கெட்டை டெஸ்ட் செய்ய ஒரு நாள் ஆகியிருக்கிறது. அந்த ஒரு நாள் வேலைக்கு முன் அது சராசரியாக நான்கு நாள் காத்திருந்தது. காலை வரிசை சராசரி 8. டெஸ்ட் சர்வருக்காகக் காத்தது இதில் அரை நாளுக்கும் குறைவு. பிழையோடு திரும்புவதைக் குறைக்கச் சென்ற மாதம் எடுத்த நடவடிக்கையின் பலனும் இந்த எண்களில் அடங்கியிருக்கிறது. இதே டிக்கெட்டுகளை மூன்று டெஸ்டர்களோடு கணக்கிட்டுப் பார்த்ததில் காத்திருப்பு ஒரு நாளுக்குள் அடங்குகிறது. ஒரு டெஸ்டரை நியமிக்க அனுமதி கோருகிறேன். அவர் பழகி முடித்த பின் எட்டு வாரம் கழித்து இதே எண்களை மறுபடி தருகிறேன்."

'ஒரு நாளுக்குள்' என்பது உங்கள் மறுஓட்டத்தில் வரும் எண்ணாக இருக்க வேண்டும். என் எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். கடைசி வரியை நீக்கிவிடவும் வேண்டாம். மூன்று பேரும் நூறு சதவீதம் வேலையில் இருக்க மாட்டார்கள், அறுபது சதவீதம்தான் என்று இயக்குநர் கண்டுபிடிப்பார். அந்த இடைவெளிதான் காத்திருப்பைக் குறைக்கிறது என்பதற்கு அந்த இரண்டாவது அளவீடே உங்கள் சாட்சி.

கேள்வி: ஆள் சேர்ந்த முதல் மாதத்திலேயே வரிசை இறங்கும் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. முதலில் ஏறும். பழைய டெஸ்டர் ஒருவர் வாரத்தில் ஒரு நாளைப் பழக்கிக் கொடுக்கச் செலவிட்டால் பத்து ஒன்பதாகிறது. வருவதும் ஒன்பது. அந்த நாட்களில் வரிசை கரைய வழியே இல்லை. முடிந்தால் அந்த வாரங்களில் வரிசை பத்தைத் தொட்டதும் டெவலப்பர்கள் புதிய வேலை எடுக்காமல் டெஸ்டுக்குக் கை கொடுக்கட்டும், தாங்கள் எழுதாத டிக்கெட்டில். இதையும் இயக்குநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் போன ஆண்டே ஆள் எடுத்தோம். டெஸ்ட் வரிசை கரைந்துவிட்டது. ஆனால் வாடிக்கையாளர் கைக்குப் போகும் நாள் மாறவே இல்லை. ரிலீஸ் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான். ஆள் எடுத்தது வீண்தானா?

பதில்: டெவலப்பர்கள் எந்த நாளில் முடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான டிக்கெட்டுகள் முதல் வாரத்திலேயே டெஸ்டுக்கு வந்துவிட்டால், நான்கு நாள் காத்தாலும் காக்காவிட்டாலும் அதே ரிலீஸில்தான் போகும். இரண்டாவது வாரத்தில் வந்தவற்றுக்குத்தான் வித்தியாசம் தெரிய வேண்டும். ஆள் எடுப்பதற்கு முன்பு எத்தனை டிக்கெட்டுகள் ஒரு ரிலீஸைத் தவறவிட்டு அடுத்ததற்குத் தள்ளிப்போயின, இப்போது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அது குறைந்திருந்தால் பலன் இருக்கிறது, சராசரி அதை மறைத்திருக்கிறது. குறையவில்லை என்றால் ரிலீஸ் ஒப்புதலில்தான் தேக்கம் என்று சந்தேகிப்பேன். இங்கிருந்தபடி அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. எண்ணிவிட்டு எழுதுங்கள், பார்ப்போம்.