சங்ககால வேல் பயிற்சியை மேடையில் காட்ட என்ன ஆதாரம்?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் சிலம்பம் சொல்லிக் கொடுக்கிறேனுங்க. ஊர்ப் பொங்கல் விழாவில் பசங்களை வைத்து, அந்தக் காலத்து வீரர்கள் வேல், வாள், வில் பழகியதைச் செய்து காட்டலாம் என்று இருக்கிறோம். பழைய பாட்டில் ஆதாரம் ஏதும் இருக்குதுங்களா? எப்படிச் செய்தால் சரியாக இருக்கும்?

பதில்: ஆதாரம் புறநானூறு 169-ஆம் பாட்டில் இருக்கிறது. குதிரைமலைத் தலைவன் பிட்டங்கொற்றனைக் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாடியது. "இளம்பல் கோசர் விளங்குபடை கன்மார், இகலினர் எறிந்த அகலிலை முருக்கின் பெருமரக் கம்பம் போல" என்கிறார். கோசர் என்ற வீரக் குடியில் படைக்கலம் கற்கும் இளைஞர்கள் போட்டி போட்டு எறிவதற்கு இலக்காக நின்ற முருக்க மரக் கம்பம் எப்படி நிலைகுலையாமல் நிற்குமோ, அப்படி நீ நிற்க வேண்டும் என்று வாழ்த்து. சிலப்பதிகாரம் கோசரைக் 'கொங்கிளங்கோசர்' என்றே சொல்வதால், உங்கள் ஊர் மேடைக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு அமையாது.

முருக்கு என்பதைக் கல்யாண முருங்கை என்று கொள்ளலாம். அதன் கட்டை மிக மென்மை, எடையும் குறைவு. வேல் நுனி மழுங்காமல் உள்ளே இறங்கி நிற்கும். வேலமரக் கட்டையில் எறிந்தால் நுனி வளையும், அல்லது வேல் தெறித்து எறிந்தவன் பக்கமே திரும்பும். ஒரு சாணுக்குக் குறையாத பருமனில் பச்சைக் கட்டையாக வாங்கி, மூன்றடி மண்ணுக்குள் போக, நெஞ்சுயரத்துக்கு மேல் நிற்கும்படி நடுங்கள். காய்ந்த கட்டை வெடித்துப் பிளந்துவிடும்.

வேலின் காம்பு ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். ஒற்றை விரலில் கிடத்திப் பாருங்கள். நடுவுக்குக் கொஞ்சம் முன்னால், வேலின் இரும்பு இலைப் பக்கமாக, சமநிலை நிற்க வேண்டும். பின்னால் நின்றால் பறக்கும்போது முனை மேலெழும்பி, வேல் தட்டையாக அடித்துக் கீழே விழும். ஐந்தாறு எட்டுத் தூரத்தில் தொடங்கலாம். இடது கால் முன்னே, முழங்கை தோளுக்கு மேலே, காம்பு காதோரம். கை நேராக முன்னுக்கு வர வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் வால் ஆடும். தவறு எங்கே என்பதைக் கம்பமே காட்டிக் கொடுக்கும்: குத்து கீறலாக ஒரு பக்கம் இழுபட்டிருந்தால் கை குறுக்கே வந்திருக்கிறது, சுத்தமான பிளவு விழுந்திருந்தால் எறி நேராகப் போயிருக்கிறது. வேலைப் பிடுங்கும்போது காம்பின் கோடியைப் பிடித்து ஆட்டவே கூடாது. இலை கழன்று வருவது பெரும்பாலும் எறியும்போது அல்ல, பிடுங்கும்போதுதான். இலையை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

வேலைப் பராமரித்ததற்கும் பாட்டு உண்டு. புறம் 95-இல் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி இவை இங்கே இருக்கின்றன; எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி விளிம்பும் நுனியும் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலக் குத்தல். அதில் காம்பு திருத்துவதும் நெய் பூசுவதும் இன்றைக்கும் செய்ய வேண்டிய வேலைதான்.

வில்லுக்குப் புறம் 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனின் கை ஏன் வலிது என்பதற்குக் கபிலர் சொல்லும் காரணங்களில் ஒன்று, அம்பறாத்தூணி முதுகில் இருக்க, தேர்மேல் நின்று, நாண் வடுப்பட எய்வது. வில் பிடித்த கையின் முழங்கை உள்பக்கம் திரும்பியிருந்தால் நாண் முன்கையை அறையும். பழகுகிறவர்களுக்கு முதலில் வரும் காயம் இதுதான். முழங்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள், தோலுறையும் கட்டிவிடுங்கள்.

வாள் பாட்டுகளில் நிறைய மின்னுகிறது, ஆனால் போர்க்களத்தில்தான். வீசும் முறையைப் படிப்படியாகச் சொல்லும் சங்கப்பாட்டு கிடையாது. ஆகவே நீங்கள் காட்டும் வாள்வரிசையைச் சிலம்ப மரபு என்றே அறிவியுங்கள், சங்ககால முறை என்று சொல்ல வேண்டாம். வாள் முனையை மழுக்கி, காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். கம்பத்துக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும், ஆள் நடமாட்டமே கூடாது.

போர்க்காட்சியும் வேண்டுமென்றால் அதே 169-ஆம் பாட்டின் தொடக்கம் போதும். தன் படை முன்னேறும்போது பிட்டன் முன்வரிசையில் நிற்கிறான். எதிரி படை ஏறி வரும்போது, அகன்ற ஆற்றைக் குறுக்கே தடுக்கும் குன்று போல நின்று தன் பின்படையைத் தாங்குகிறான். ஒரே பையனை முதலில் முனையில் ஓடவிட்டு, அடுத்த சுற்றில் மற்றவர்கள் அவனைத் தாண்டிப் பின்வாங்க, அவன் மட்டும் திரும்பி நிற்கும்படி அமையுங்கள்.