ரஃப் கட்டில் ஃப்ரேம் கணக்கு பார்க்காதீர்கள்

கேள்வி: வணக்கம் அண்ணே. ராஜாக்கமங்கலம்துறை பக்கம் கரையில நின்னு கரமடி வலை இழுக்கிறதைப் பத்தி ஒரு ஆவணப்படம் எடுத்திருக்கேன். எங்க பாட்டாதான் அதுல முக்கியமான ஆள். முதல் கோர்வையா ரஃப் கட் 31 நிமிஷம் வந்திருக்கு, போட்டிக்கு 20 நிமிஷத்துக்குள்ள அனுப்பணும், இன்னும் ஒரு மாசம் இருக்கு. ரெண்டு வாரமா முதல் அஞ்சு நிமிஷத்தையே ஃப்ரேம் ஃப்ரேமா செதுக்கிட்டிருக்கேன். ஆனாலும் பார்க்குறவங்க எல்லாம் "நடுவுல இழுக்குது"ன்னுதான் சொல்றாங்க. வலை இழுக்கிற சீனைப் பாதியா வெட்டிடலாமா? லிங்க் அனுப்பியிருக்கேன்.

பதில்: வெட்டாதீர்கள். உங்கள் படத்தை இரண்டு முறை முழுதாகப் பார்த்தேன். வலை இழுக்கும் ஆறு நிமிடம்தான் படத்தின் உயிர். அது இழுவையாகத் தெரிவது உண்மைதான், ஆனால் அதற்கான காரணம் அந்தக் காட்சிக்குள் இல்லை.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் டைம்லைனில் ஏறக்குறைய 200 கட் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டிலும் ஆறு ஃப்ரேம் குறைத்தாலும் மொத்தம் 1,200 ஃப்ரேம்தான். நொடிக்கு 25 ஃப்ரேமில் அது 48 நொடி. நீங்கள் குறைக்க வேண்டியதோ 11 நிமிடம். முதல் ஐந்து நிமிடத்தை இன்னும் எத்தனை வாரம் செதுக்கினாலும் அந்த 11 நிமிடம் அங்கிருந்து வராது. ஃப்ரேம் குறைப்பது நீளத்தைச் சரிசெய்யும் வேலையே இல்லை, கடைசிக் கட்டத்தில் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குப் போவதைப் பிசிறில்லாமல் ஆக்கும் வேலை அது.

வேகம் என்பது மூன்று அளவில் முடிவாகிறது. எந்தக் காட்சி இருக்கிறது, எது எதற்குப் பின் வருகிறது என்பது முதல் அளவு. ஒரு காட்சிக்குள் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறோம் என்பது இரண்டாவது. சரியாக எந்த ஃப்ரேமில் வெட்டுகிறோம் என்பது மூன்றாவது. இவற்றை இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் மேலே ஒன்று மாறினால் கீழே எடுத்த முடிவெல்லாம் பொருளிழந்துபோகும். பத்து நொடி ஷாட் நீளமா குறைவா என்பதை அந்த ஷாட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு முன் பார்ப்பவருக்கு என்ன தெரியும், எதற்காகக் காத்திருக்கிறார் என்பதுதான் அதைச் சொல்லும்.

உங்கள் படத்திலேயே இதைப் பார்க்கலாம். இரண்டாவது நிமிடத்தில் பாட்டாவின் பேட்டி வருகிறது. நான்கு நிமிடம் பேசுகிறார். அதன் நடுவில் "இப்பம் எத்தன இழுத்தாலும் மீன் இல்ல மக்கா" என்று சொல்லிவிடுகிறார். அதன் பிறகு 13ஆவது நிமிடத்தில் வள்ளம் கடலுக்குள் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வருகிறது, கரையில் இரண்டு அணியாக நின்று கயிற்றை இழுக்கிறார்கள். வலையின் பை போன்ற மடியில் என்ன இருக்கும் என்ற கேள்விதான் அந்த ஆறு நிமிடத்தைத் தாங்க வேண்டும். பதிலைப் பாட்டா ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்பே சொல்லிவிட்டார். விடை தெரிந்தபின் ஆறு நிமிடம் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் இழுக்கத்தான் செய்யும்.

லிங்க்கில் இருந்து இறக்கி ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து பார்த்தேன். பேட்டியை அப்படியே தூக்கி, மடியைக் கரையில் கொட்டும் ஷாட்டுக்குப் பின் வைத்தேன். ஒரு ஃப்ரேம்கூடக் குறைக்கவில்லை. அந்த ஆறு நிமிடமும் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. நீங்கள் நினைத்தபடி முதலிலேயே அதைப் பாதியாக வெட்டியிருந்தால், நீளம் தேவைப்படும் இடத்தில் அது இல்லாமல் போயிருக்கும். கை நோக இழுப்பதும், கடைசியில் கொஞ்சம் நெத்திலி மட்டும் கிடப்பதும் அந்த நீளத்தால்தான் உறைக்கிறது.

இன்னொன்று. தெளிவில்லாத இடமும் பார்ப்பவருக்கு மெதுவாகத்தான் தெரியும். நீங்கள் படமெடுத்தது ஜூன் மாதம் என்று திரையில் போட்டிருக்கிறீர்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், மணக்குடியிலிருந்து நீரோடி வரை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான், கரையிலிருந்து இழுக்கும் கரமடிக்கு இல்லை. கடற்கரையில் வளர்ந்த உங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் செய்தியில் மட்டும் தடைக்காலத்தைக் கேட்டவர், "இப்போது மீன் பிடிக்கக் கூடாதே, இவர்கள் எப்படி இழுக்கிறார்கள்?" என்று யோசித்துக்கொண்டே காட்சியைப் பார்ப்பார். பாட்டா இதை விளக்குவது 21ஆவது நிமிடத்தில், இழுப்பு முடிந்தபின். அந்த ஒரு வாக்கியத்தை வள்ளம் இறங்கும் ஷாட்டின் மேல் குரலாகக் கொண்டுவாருங்கள். காட்சி ஆறு நொடி கூடும், ஆனால் வேகமாகத் தெரியும். "எங்கே இழுக்குது?" என்று கேட்டால் 15ஆவது நிமிடத்தைக் காட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னால் எங்கோ இருக்கும்.

ஆகவே இப்போது கணினியை மூடிவிட்டு அட்டைகளை எடுங்கள். ஒரு காட்சிக்கு ஓர் அட்டை. அதில் காட்சியின் பெயர், அது ஓடும் நேரம், பார்ப்பவருக்கு அதிலிருந்து புதிதாக என்ன கிடைக்கிறது என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரி எழுத வராத காட்சி வெளியே போகும். இரண்டு அட்டையில் ஒரே வரி வந்தால் ஒன்று போதும். நான் எழுதிப் பார்த்தவரை இப்படி வந்தது: ட்ரோன் தொடக்கம் 1 நிமிடம் 50 நொடி, பத்து நொடி போதும். ஊர்த் திருவிழா 3 நிமிடம் 10 நொடி, அழகாக எடுத்திருக்கிறீர்கள், ஆனால் கரமடியோடு ஒட்டவில்லை. வலை தைக்கும் காட்சியின் பின்பாதி ஒன்றரை நிமிடம் பாட்டா சொன்னதையே சொல்கிறது. ஏலத்தில் இரண்டு பெண்கள் ஒரே விலைக் கதையைச் சொல்கிறார்கள், ஒருவருடைய 1 நிமிடம் 40 நொடியை எடுத்துவிடலாம். இவ்வளவையும் கூட்டினால் எட்டு நிமிடம். 31 இப்போது 23 ஆகிவிட்டது, இன்னும் ஒரு கட்டைக்கூடத் தேய்க்கவில்லை.

இந்தக் கட்டத்தில் பாட்டுச் சேர்க்காதீர்கள். ட்ரோன் காட்சிக்குக் கீழே நீங்கள் போட்டிருக்கும் இசை, காலியான இரண்டு நிமிடத்தை நிறைந்ததுபோல் காட்டுகிறது. கட்டுகளையும் தாளத்துக்கு வெட்டியிருக்கிறீர்கள். உரிமைப் பிரச்சினையில் அந்தப் பாட்டை மாற்ற நேர்ந்தால் கட்டு எல்லாம் அந்தரத்தில் நிற்கும். ஆனால் பேச்சுச் சத்தத்தை மட்டும் ஓரளவு சமப்படுத்துங்கள். பாட்டாவின் குரலைக் கடற்காற்று விழுங்குகிறது. காதைத் தீட்டிக் கேட்க வேண்டியிருந்தால் பார்ப்பவர் சோர்ந்துபோவார், அதையும் "இழுக்குது" என்றுதான் சொல்வார்.

வரிசை நின்றபின் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கடலோரத்தவர்களுக்கு மட்டும் காட்டினால் போதாது, மார்த்தாண்டம், தக்கலை பக்கம் கரமடியே பார்க்காத இரண்டு பேராவது வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்காமல், கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். படம் ஓடும்போது நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், அவர்களைப் பாருங்கள். உட்கார்ந்த இடத்தில் அசைவது, போனைத் தொடுவது எல்லாம் எந்த நிமிடத்தில் நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு படத்தை ஒருமுறைதான் முதல்முறையாகப் பார்க்க முடியும். எல்லோரையும் இதற்கே செலவழித்துவிடாமல் இரண்டு பேரைக் கடைசிக் கட்டமான ஃபைன் கட்டுக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து காட்சிக்குள் போகலாம். இப்போதுதான் வலை இழுக்கும் காட்சியைத் தொட வேண்டும். அதில் புதிதாக நடப்பவை என்னென்ன என்று பாருங்கள். கயிறு இறுகுகிறது, ஆட்கள் கூடுகிறார்கள், தூரத்தில் நிற்கும் இரண்டு அணியும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குகின்றன, மடி அலையில் தெரிகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே ஒரேமாதிரி ஷாட்கள் நான்கைந்து கிடக்கின்றன. மாற்றத்தைக் காட்டும் ஷாட்டை முழு நீளத்தில் விட்டுவிட்டு, நடுவில் இருப்பதில் ஒன்றை மட்டும் வையுங்கள். ஆறு நிமிடம் நாலரைக்கு வரும், சிரமம் குறையாது. பேட்டிகளில் கேள்வி புரிவதற்காக விட்ட தொடக்கங்களையும், கருத்து முடிந்தபின் தொடரும் வாலையும் எடுங்கள். இப்படி எல்லாக் காட்சியும் சேர்ந்து 23 நிமிடம் இருபதே முக்காலுக்கு அருகில் வந்துவிடும்.

மிச்சம் இருப்பது ஃபைன் கட். நீங்கள் இரண்டு வாரம் செய்த வேலைக்கு இப்போதுதான் பலன் உண்டு. "மீன் இல்ல மக்கா" என்றபின் பாட்டா மூன்று நொடி பேசாமல் இருக்கிறார். பழைய கட்டில் அதை ஒரு நொடிக்குக் குறைத்திருக்கிறீர்கள், அந்த இடத்தில் அது சரிதான். படத்தின் தொடக்கத்தில் அந்த மௌனம் வெறும் இடைவெளி. நெத்திலி கொட்டிய மடியைப் பார்த்தபின் வந்தால் மூன்று நொடியும் வேண்டும், நான்கு இருந்தாலும் தாங்கும். இதை முதலிலேயே முடிவுசெய்திருக்க வழியே இல்லை. அதுபோல, இழுக்கும் கூட்டத்தின் குரலை படத்துக்கு 12 ஃப்ரேம் முன்பே கேட்க வையுங்கள், கட் தெரியாது. பார்வை எங்கே போகிறது, கை எந்த அசைவில் இருக்கிறது என்று பார்த்து வெட்டுவதும் இப்போதுதான். இந்தத் தேய்ப்பில் அந்த முக்கால் நிமிடம் கழியும். 20 நிமிடத்தைத் தாண்டி நின்றால் கட்டுகளோடு மல்லுக்கட்டாமல் இரண்டாவது கட்டத்துக்குத் திரும்பி ஒரு ஷாட் கூட்டத்தை எடுங்கள்.

ஒவ்வொரு கட்டத்தையும் தொடங்கும்போது சீக்வென்ஸை நகலெடுத்துக்கொள்ளுங்கள்: வரிசைக்கு `karamadi_rc1`, காட்சிக்குள் வேலைக்கு `karamadi_sc1`, ஃபைன் கட்டுக்கு `karamadi_fc1` என்று. ஃபைன் கட்டில் வரிசைக் கோளாறு தெரிய வந்தால் அதை ஃப்ரேமால் மறைக்கப் பார்க்காமல் `rc`க்குத் திரும்புவதற்கு இது உதவும். இனி எந்த ஷாட்டும் மாறாது என்று படம் லாக் ஆகும்வரை ஒலிக் கலவைக்கோ வண்ணத்துக்கோ அனுப்ப வேண்டாம். அதன்பின் நடுவில் ஒரு ஷாட்டைக் குறைத்தால்கூட அதற்குப் பின்னால் ஒலி முழுக்க விலகும்.

ஒரு மாதத்தை இப்படிப் பிரியுங்கள்: வரிசைக்கும் காட்டிப் பார்ப்பதற்கும் 12 நாள், காட்சிக்குள் வேலை 8 நாள், ஃபைன் கட் 4 நாள், மிச்சம் ஒலிக்கும் வண்ணத்துக்கும். செதுக்கிய முதல் ஐந்து நிமிடத்தைத் தனி சீக்வென்ஸாக எடுத்து வைத்துவிட்டு, டைம்லைனில் ஷாட்களைப் பழைய நீளத்துக்கு நீட்டிவிட்டு நாளைக்கு அட்டைகளில் தொடங்குங்கள்.