டப்பாவில் எந்த மொழி? கேளுங்கள், சொல்கிறேன்

தரை துடைக்கும் திரவம், 200 மி.லி. பாட்டில். முழுக்க ஆங்கிலமா, தமிழா?

முன்பக்கம் கடையில் வேலை செய்கிறது, பின்பக்கம் வீட்டில். இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். நான் லேபிள் எழுதிய ஒரு திரவத்துக்குப் பின்பக்கம் ஆங்கிலம் மட்டும்தான், 'டைல்யூட்' என்று இருந்தது. நிறையப் பேர் அதைப் படிக்காமல் அப்படியே தரையில் ஊற்றித் துடைத்திருக்கிறார்கள். தரை பிசுபிசுக்கிறது, பாட்டில் சீக்கிரம் காலியாகிறது என்று புகார் வந்தபோது சரக்கில்தான் கோளாறு என்று தேடினோம். 'ஒரு வாளி தண்ணீருக்கு ஒரு மூடி' என்று தமிழில் போட்டு, பக்கத்தில் வாளி, மூடி படம் வைத்த பிறகுதான் புகார் அடங்கியது.

முன்பக்கத்தில் ஆங்கிலப் பெயர் பெரிதாக இருக்கட்டும், தப்பில்லை. தமிழுக்கு இடம் பிடிக்கும்போது எழுத்தைச் சுருக்காதீர்கள், சொல்லைக் குறையுங்கள். பொடி எழுத்தில் மை பரவினால் முதலில் போவது புள்ளிதான், 'க்' 'க'வாகிவிடும். அச்சுக்கு முன் வெளியாள் ஒருவரைச் சத்தமாகப் படிக்க வையுங்கள்.

பிராண்ட் பெயரைத் தமிழில் மொழிபெயர்க்கலாமா?

வேண்டாம், ஒலியை மட்டும் எழுதுங்கள். கடையில் வாயால் கேட்பது அந்த ஒலியைத்தான். ஆனால் நம் எழுத்தில் ஒரு சிக்கல்: 'பாய்' என்று போட்டால் படுக்கிற பாயா, ஆங்கிலப் பையனா? அதனால், திரும்பவும், சத்தமாகப் படிக்க வையுங்கள்.

தமிழ் போட்டாலே மலிவுச் சரக்கு மாதிரி தெரியும். நான் சென்ட் விற்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன்.

சென்ட்டுக்குச் சரி, துணி சோப்புக்கு இல்லை. கிருஷ்ணா, அலுவாலியா இருவரும் இந்தி–ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் செய்த ஆய்வு 2008-இல் வந்தது. பன்னாட்டுக் கம்பெனி விளம்பரம் என்றால் ஆடம்பரப் பொருளுக்கு ஆங்கிலமும் அன்றாடப் பொருளுக்கு இந்தியும் எடுபட்டன. உள்ளூர்க் கம்பெனிக்கு மொழி அவ்வளவு வித்தியாசம் செய்யவில்லை. நீங்கள் உள்ளூர்க் கம்பெனி என்றால் உங்கள் பயம் கொஞ்சம் அதிகம்தான்.

அது இந்தி, சார். தமிழுக்கு எப்படிப் பொருந்தும்?

அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஒரே சென்ட்டை இரண்டு லேபிளில், ஒரே விலையில், இரண்டு கடையில் வைத்து, சோதனை நாட்களில் பாதி முடிந்ததும் லேபிள்களைக் கடை மாற்றி வைத்துப் பாருங்கள். கடைதான் விற்றதா, லேபிள்தான் விற்றதா என்று அப்போது தெரியும்.

பார்த்தாச்சு. ஆங்கிலம்தான் ஜெயித்தது.

எத்தனை பாட்டில் விற்றது, கடையை மாற்றினீர்களா என்று சொல்லாமல் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சட்டப்படி எந்த மொழி கட்டாயம்?

விற்கிற நாட்டின் லேபிள் விதியைப் பாருங்கள், வடிவமைப்பைத் தொடங்கும் முன்பே.

ஆங்கில வாசகத்தை அப்படியே தமிழாக்கிப் போடலாமா?

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். மேலே வாளியும் மூடியும் இருக்கிறது, பாருங்கள்.