கலாம் குறிப்பில் எதை வெட்டுவது?

"பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். நம்ம ராமேஸ்வரம் கலாம் பற்றி எழுத்தாளர் குறிப்பு, ஐந்து வரிதான். இரண்டு பக்கம் வந்துவிட்டது. எதை வெட்டுவது?"

விருதுகளையும் பதவிகளையும் முதலில் வெட்டுங்கள். பிறப்பிலிருந்து வரிசையாக எழுதியதால் நீண்டிருக்கும்.

மிச்சமுள்ள ஒவ்வொரு வரியையும் 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தோடு ஒட்டிப் பாருங்கள். அதன் ஆங்கில மூலம் 1999இல் வந்தது. அப்பாவின் படகு, சிறுவயதில் பேப்பர் போட்டது, ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி, ராக்கெட் வேலை எல்லாம் அதற்குள் இருக்கின்றன, அவை நிற்கட்டும். குடியரசுத் தலைவரானது 2002இல், புத்தகத்துக்குப் பிறகு. அதற்கு அரை வரி போதும்.

பிறப்பு, இறப்பு ஆண்டுகளை ஆசிரியர் கட்டாயம் கேட்பார். பெயருக்குப் பக்கத்திலேயே (1931–2015) என்று போட்டுவிட்டால் தனி வரி வேண்டாம். அப்புறம், இடம் இல்லையென்று அருண் திவாரி பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஆங்கில மூலத்தைக் கலாம் அவரோடு சேர்ந்துதான் எழுதினார்.